பீரோ நகருமா, கவிழுமா?

வீடு மாறும் நாளில் கட்டிலைப் பிரித்துவிடலாம், பாத்திரங்களைச் சாக்குக்குள் திணித்துவிடலாம், மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் போய்விடலாம். பீரோவை அப்படியெல்லாம் செய்ய முடியாது. சாமான்கள் எல்லாம் வெளியேறிய பிறகு வெறும் அறையின் நடுவே அது மட்டும் நிற்கும். அதன் முதுகுப் பக்கம் போன வீட்டுக்காரர், தோள் உயரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறார். பீரோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் பின்கால்கள் இரண்டும் தரையை விட்டு மெதுவாக எழும்புகின்றன. வாசலில் இருந்து லோடுமேன் ஓடி வருகிறார்: “சார், சார்! மேல கை வைக்காதீங்க. குனிஞ்சு கீழ புடிச்சுத் தள்ளுங்க.”

அவர் சொன்னபடி குனிந்து தள்ளினால் அதே பீரோ, அதே தரையில், கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டே நகர்ந்துவிடுகிறது. பீரோவின் எடை மாறவில்லை, தரை மாறவில்லை. கை வைத்த இடம் மட்டும்தான் மாறியது.

இந்தக் காட்சியில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. கூட்டல், பெருக்கல் தெரிந்த யாரும் போட்டுவிடக்கூடிய கணக்குதான். ஆனால் அதன் விடை, பெரும்பாலோர் மனதில் வைத்திருக்கும் இரண்டு நம்பிக்கைகளைப் பொய்யாக்கிவிடும்.

கணக்குக்கு ஒரு பீரோ வேண்டும். ஆறரை அடி உயரம், அதாவது 198 சென்டிமீட்டர். அகலம் மூன்றடி, 91 சென்டிமீட்டர். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரையுள்ள ஆழம் 19 அங்குலம், 48 சென்டிமீட்டர். காலிப் பீரோவின் எடை 80 கிலோ. நான்கு கால்களும் சரியாக மூலைகளில் இருக்கின்றன, எடை எல்லாப் பக்கமும் சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னது நிஜத்தில் அப்படியே இருப்பதில்லை. அதைப் பிறகு பார்க்கலாம்.

பின்னாலிருந்து தள்ளும்போது பீரோவுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தரையின் பிடியை மீறி வழுக்கிக்கொண்டு போவது. இன்னொன்று, முன்கால்களின் விளிம்பை அச்சாக வைத்துக்கொண்டு கதவு திறப்பதுபோலச் சாய்வது. இரண்டுக்கும் தனித்தனியே ஒரு விலை உண்டு. எதற்கு விலை குறைவோ, அதுதான் முதலில் நடக்கும்.

வழுக்குவதற்கான விலையைத் தரை நிர்ணயிக்கிறது. இரும்புக் கால் ஒன்று சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டின் பரப்பிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. இந்தப் பிடிதான் உராய்வு. லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்: எடை இரட்டிப்பானால் உராய்வும் இரட்டிப்பாகும், தரையில் படும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. அந்தக் குறிப்புகள் வெளியே தெரியாமலே கிடந்தன. 1699-இல் பிரெஞ்சுக்காரர் கியோம் அமோந்தோன் இதே இரண்டு விதிகளைத் தானாகவே கண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். இப்போது அவை அவர் பெயரில்தான் வழங்குகின்றன.

அதன்படி, ஒரு பொருளை நகர்த்தத் தேவையான விசை அதன் எடையில் ஒரு குறிப்பிட்ட பங்கு. அந்தப் பங்குக்கு உராய்வுக் குணகம் என்று பெயர். எல்லாப் பரப்புக்கும் கால்பங்குதான் என்று லியோனார்டோ நினைத்தார், அமோந்தோன் மூன்றில் ஒரு பங்கு என்றார். உண்மையில் அது பரப்புக்குப் பரப்பு மாறும். நம் பீரோவின் காலுக்கும் சிமெண்ட் தரைக்கும் இடையே 0.4 என்று எடுத்துக்கொள்வோம். 80 கிலோவில் 0.4 பங்கு 32 கிலோ. ஒரு 32 கிலோ மூட்டையைத் தூக்க எவ்வளவு விசை வேண்டுமோ, அவ்வளவு விசையைக் கிடையாகக் கொடுத்தால் பீரோ வழுக்கத் தொடங்கும். இந்த 32 கிலோ, கை எந்த உயரத்தில் இருந்தாலும் மாறாது. கணுக்கால் உயரத்தில் தள்ளினாலும் 32, தலைக்கு மேலே தள்ளினாலும் 32.

கவிழ்வதற்கான விலையோ அப்படியல்ல. அது கையின் உயரத்தைப் பொறுத்தே இருக்கிறது.

கதவைக் கீல் பக்கமாகக் கை வைத்துத் தள்ளினால் திறப்பது கஷ்டம், கைப்பிடிப் பக்கம் விரலால் தள்ளினாலே திறந்துகொள்ளும். விசை எவ்வளவு என்பதோடு, அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி அது செயல்படுகிறது என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பெருக்கல்தான் திருப்புத்திறன். பீரோவுக்கு முன்கால்களின் விளிம்புதான் கீல். அந்தக் கீலைச் சுற்றி இரண்டு திருப்புத்திறன்கள் மல்லுக்கட்டுகின்றன. தள்ளுபவரின் விசை, தரையிலிருந்து கை இருக்கும் உயரத்தால் பெருகி, பீரோவை முன்னால் சாய்க்கப் பார்க்கிறது. பீரோவின் எடை அதன் நடுவில், விளிம்பிலிருந்து 24 சென்டிமீட்டர் பின்னால் தொங்கிக்கொண்டு, அதைப் பழைய நிலையிலேயே உட்கார வைக்கப் பார்க்கிறது. எடையின் தரப்பில் உள்ள திருப்புத்திறன் 80 பெருக்கல் 24, அதாவது 1920. தள்ளுபவரின் தரப்பு இதைத் தாண்டினால் பின்கால்கள் எழும்பும். உராய்வு விசை தரைமட்டத்திலேயே, அந்த விளிம்பின் வழியாகவே செயல்படுவதால், அதற்கு இந்தப் போட்டியில் நேரடிப் பங்கு இல்லை. கீல் மேலேயே கை வைத்துத் தள்ளினால் கதவு அசையாது அல்லவா, அதுபோலத்தான்.

இப்போது கையை வெவ்வேறு உயரத்தில் வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்காரர் தோள் உயரத்தில், 140 சென்டிமீட்டரில் தள்ளினார். 1920-ஐ 140-ஆல் வகுத்தால் 13.7. ஏறத்தாழ 14 கிலோ விசை கொடுத்தாலே பின்கால்கள் எழும்பிவிடும். வழுக்குவதற்கோ 32 கிலோ வேண்டும். பாதி விலைக்கும் குறைவாகக் கவிழ்வது கிடைக்கும்போது பீரோ ஏன் வழுக்கப் போகிறது? அவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்த உயரத்தில் தள்ளி அதை நகர்த்த முடியாது. 32 கிலோ விசையை எட்டுவதற்கு வெகு முன்பே பீரோ சாயத் தொடங்கிவிடும். இடுப்பு உயரம், 90 சென்டிமீட்டர் என்றால் கவிழ்க்க 21 கிலோ போதும். அப்போதும் கவிழ்வதுதான் மலிவு. 40 சென்டிமீட்டருக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை இறக்கினால் கவிழ்க்க 48 கிலோ வேண்டும். இப்போது 32 கிலோவிலேயே வழுக்கிவிடும்.

இந்த இரண்டு நிலைமைகளுக்கும் நடுவே ஓர் உயரத்தில் இரண்டு விலையும் ஒன்றாகிறது. 1920-ஐ 32-ஆல் வகுத்தால் 60. தரையிலிருந்து 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி. அதற்கு மேலே தள்ளினால் சாயும், கீழே தள்ளினால் நகரும். லோடுமேன் “கீழ” என்று சொன்னபோது அவர் மனதில் எந்தப் பெருக்கலும் ஓடியிருக்காது. ஆனால் அவர் கை போய் நிற்கும் இடம் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

முதல் நம்பிக்கை பொய்யாவது இங்கேதான். பீரோ கனமாக இருந்தால் கவிழாது என்று பலர் நினைப்பார்கள். பட்டுப்புடவைகளும் பழைய பத்திரங்களும் நிறைந்து பீரோ 120 கிலோ ஆகிவிட்டது என்று வையுங்கள். கவிழ்க்க வேண்டிய விசை ஒன்றரை மடங்காகும். வழுக்க வேண்டிய விசையும் அதே ஒன்றரை மடங்காகும், 48 கிலோ. இரண்டு விலையும் சேர்ந்தே ஏறினால் எது மலிவு என்பதில் மாற்றமில்லை. அந்த இரண்டடிக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எடை இரு பக்கமும் அடிபட்டுப் போக, மிஞ்சுவது ஒரே ஒரு வகுத்தல்: அடிப்பாகத்தின் பாதி ஆழத்தை உராய்வுக் குணகத்தால் வகுக்க வேண்டும். 24-ஐ 0.4-ஆல் வகுத்தால் 60.

அந்த வகுத்தலில் பீரோவின் உயரமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உயரமானதெல்லாம் கவிழும் என்பது இரண்டாவது நம்பிக்கை. பீரோ ஆறரை அடி இருந்தாலும் நாலடி இருந்தாலும், பின்கால் எழும்பத் தொடங்கும் கோடு அதே இரண்டடிதான். உயரம் செய்வதெல்லாம், தவறான இடத்தில் கை வைக்க இடம் கொடுப்பதுதான். ஒன்றரை அடி உயர மரப்பெட்டிக்கும் இதே ஆழமும் இதே உராய்வும் இருந்தால், கிடையாகத் தள்ளி அதைக் கவிழ்க்கவே முடியாது. அந்தக் கோடு பெட்டியின் தலைக்கு மேலே அந்தரத்தில் இருக்கும்.

பின்கால் எழும்பிய பிறகு என்ன ஆகும் என்பது வேறு கதை, அங்கே உயரத்துக்கு வேலை வந்துவிடுகிறது. பீரோவின் எடை குவியும் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 99 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பீரோ சாயச் சாய அந்த மையம் முன்விளிம்பை நோக்கி நெருங்குகிறது. 24 சென்டிமீட்டராக இருந்த இடைவெளி 20 ஆகிறது, 10 ஆகிறது. எடையின் தரப்பு பலவீனமாகிக்கொண்டே போவதால், தொடங்கி வைக்கத் தேவைப்பட்ட விசையைவிடக் குறைந்த விசையே மேற்கொண்டு சாய்க்கப் போதும். தள்ளுபவருக்கு இது “சட்டென்று லேசாகிவிட்டது” என்று தெரியும். நகரத் தொடங்கிவிட்டது என்று அவர் சந்தோஷப்படும் அந்த நொடிதான் ஆபத்தானது. ஏறத்தாழ பதினான்கு டிகிரி சாய்ந்ததும் மையம் விளிம்புக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்கு மேல் யாரும் தள்ள வேண்டாம், எடையே கட்சி மாறிக் கீழே இழுக்கும். இந்த நிலையில் பின்கால்கள் தரையிலிருந்து 11 சென்டிமீட்டர் எழும்பியிருக்கும், அவ்வளவுதான். ஒரு சாண்கூட இல்லை.

இந்தப் போட்டியைக் கால்கள் வழியாகவும் பார்க்கலாம். பீரோ சும்மா நிற்கும்போது முன்கால்கள் இரண்டும் சேர்ந்து 40 கிலோ, பின்கால்கள் 40 கிலோ என்று சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டடி உயரத்தில் 20 கிலோ விசையில் தள்ளும்போது பீரோ அசையாமல்தான் நிற்கும். ஆனால் உள்ளுக்குள் பங்கீடு மாறிவிட்டது: முன்கால்களில் 65 கிலோ, பின்கால்களில் வெறும் 15. விசை 32 கிலோவை எட்டும்போது பின்கால்களின் பங்கு பூஜ்யம். தரை பீரோவைத் தாங்கும் இடம் நடுவிலிருந்து மெல்ல நகர்ந்து முன்விளிம்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் போக இடமில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். முதலில் பின்காலைச் சற்றுத் தூக்கி, அதன் அடியில் ஒரு செய்தித்தாள் துண்டைச் செருகிவிட வேண்டும். ஒருவர் மெதுவாகத் தள்ளும்போது இன்னொருவர் அந்தத் தாளை லேசாக இழுத்துப் பார்க்கலாம். பீரோ நகராமலே தாள் எளிதாக உருவிக்கொண்டு வந்தால், கையை இன்னும் கீழே இறக்க வேண்டும் என்று அர்த்தம். தாளை உருவுகிறவர் பக்கவாட்டில் நின்றுகொள்ள வேண்டும், பீரோ சாயக்கூடிய முன்பக்கம் வேண்டாம்.

இதுவரை பீரோ சீரானது என்று வைத்துக்கொண்டோம். நிஜப் பீரோவின் முன்பக்கத்தில் இரண்டு கனத்த கதவுகள் இருக்கின்றன, சிலவற்றில் ஆளுயரக் கண்ணாடி வேறு. அதனால் ஈர்ப்பு மையம் நடுவிலிருந்து சற்று முன்னால் வந்திருக்கும். 4 சென்டிமீட்டர் முன்னால் வந்திருந்தால், முன்விளிம்புக்கு 20 சென்டிமீட்டர்தான் மிச்சம். பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளினால் கோடு 50 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். அதே பீரோவை முன்னாலிருந்து பின்னோக்கித் தள்ளினால் பின்விளிம்புக்கு 28 சென்டிமீட்டர் இருக்கிறது, கோடு 70-க்கு ஏறிவிடும்.

பூட்டாத கதவு இதைவிட மோசம். பூட்டு கெட்டுப்போன பீரோவின் கதவுகள் நகர்த்தும்போது தாமாகத் திறந்துகொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு கதவு 10 கிலோ என்று வைத்தால், இரண்டும் நேராகத் திறந்து நிற்கும்போது அந்த 20 கிலோ எடை 22 சென்டிமீட்டர் முன்னால் போய்விடுகிறது. 80 கிலோவில் அது மொத்த மையத்தை ஐந்தரை சென்டிமீட்டர் முன்னால் இழுக்கும். சீரான பீரோவுக்கே 60-ஆக இருந்த கோடு 46-க்கு இறங்கிவிடும். லோடுமேன்கள் முதலில் கதவுக்குக் கயிறு கட்டுவது உள்ளே இருக்கும் சாமானுக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

வகுத்தலின் மேலே இருப்பது அடிப்பாகத்தின் பாதி என்பதால், பீரோவை எந்தப் பக்கமாக நகர்த்துகிறோம் என்பதும் முக்கியம். அகலவாட்டில், அதாவது பக்கவாட்டுத் தகட்டில் கை வைத்துத் தள்ளினால், அடிப்பாகம் 91 சென்டிமீட்டர். பாதி 45.5. அதை 0.4-ஆல் வகுத்தால் கோடு ஏறத்தாழ 114 சென்டிமீட்டர், நெஞ்சு உயரத்துக்கு அருகே போய்விடும். குனியாமலே தள்ளலாம். இதில் வேறொரு தொந்தரவு இருக்கிறது. மெல்லிய தகட்டை மடித்துச் செய்த கால்கள் கிடைவிசையைத் தாங்கிப் பழகியவை அல்ல. பீரோ கவிழாது, கால் மடங்கிக்கொள்ளும்.

வகுத்தலின் கீழே இருப்பது தரையின் பிடி. அதைக் குறைத்தால் கோடு மேலே ஏறும். கால்களுக்கு அடியில் பழைய சாக்கையோ போர்வையையோ மடித்து வைத்து இழுப்பது இதற்காகத்தான். வழவழப்பான மொசைக் தரையில் துணியோடு வழுக்கும்போது குணகம் 0.2 ஆகக் குறைகிறது என்றால், நகர்த்த 16 கிலோ விசை போதும், கோடும் 120 சென்டிமீட்டருக்கு உயர்ந்துவிடும். சாக்கு தரையில் கீறல் விழாமல் காப்பதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்றை அது சத்தமில்லாமல் செய்கிறது. குனிந்து கீழ்ச்சட்டத்தைப் பிடித்து லேசாகத் தூக்கியபடி தள்ளுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. 10 கிலோ அளவுக்குத் தூக்கிக் கொடுத்தால் தரையின் மேலுள்ள சுமை 70 ஆகி, 28 கிலோவிலேயே நகரும். தூக்குவதும் முன்னால் சாய்க்கத்தான் உதவும் என்றாலும், கை அவ்வளவு தாழ்வாக இருக்கும்போது அது கணக்கைக் கெடுக்காது.

சொரசொரப்பான தரையில் இதற்கு நேர்மாறு. குணகம் 0.6 என்றால் கோடு 40 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். குணகத்துக்கு எல்லையே இல்லாத இடம் ஒன்றும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. வாசல் நிலைப்படிதான் அது. ஓடு பதித்த தரையில் ஒரு ஓடு மூன்று மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலும் போதும். முன்கால் அதில் முட்டிய கணமே வழுக்குவது என்ற வழி அடைபட்டுப் போகிறது. பிறகு எவ்வளவு தள்ளினாலும் அந்தத் தடை அதே அளவுக்குத் திருப்பித் தள்ளும். மிஞ்சியிருப்பது சாய்வது ஒன்றுதான். பாதுகாப்பான உயரத்தில் கை வைத்திருந்தாலும், இரண்டு பேர் சேர்ந்து 48 கிலோ விசை கொடுத்துவிட முடியும். அதோடு, நகர்ந்துகொண்டிருந்த பீரோவின் வேகமும் சேர்ந்துகொள்ளும். கால் நின்றுவிட்டாலும் தலைப்பக்கம் போன வேகத்திலேயே போகப் பார்க்கும். கால் தடுக்கி விழுகிற மனிதனுக்கு நடப்பதும் இதுவேதான். பீரோ கவிழ்ந்த கதைகளைக் கேட்டால் நடு அறையைவிட நிலைப்படியில்தான் அதிகம் நடந்திருக்கும்.

கணக்கைச் சரிபார்க்க பீரோவைப் பணயம் வைக்க வேண்டாம், ஒரு தீப்பெட்டி போதும். தீப்பெட்டியின் தடிமன் ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர், நீளம் ஐந்து சென்டிமீட்டர். அதைச் செங்குத்தாக நிறுத்தி, அகலமான முகத்தில் பென்சில் முனையை வைத்து மெதுவாகத் தள்ள வேண்டும். முதலில் அடியோடு ஒட்டி, பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லிமீட்டர் மேலே. ஒரு கட்டம் வரை நகர்ந்துகொண்டே வரும் பெட்டி, அடுத்த புள்ளியில் தலைகுப்புற விழும். அந்த உயரம் 1.6 சென்டிமீட்டர் என்று வந்தால், தடிமனில் பாதியான 0.65-ஐ 1.6-ஆல் வகுத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 0.4 கிடைக்கும். மேசையின் உராய்வுக் குணகத்தை எந்தக் கருவியும் இல்லாமல் அளந்தாயிற்று. தீப்பெட்டிக்குள் ஒரு ரூபாய் நாணயங்களைச் சீராக அடுக்கி நிரப்பிவிட்டுத் திரும்பச் செய்தால், கனம் பல மடங்கு கூடியிருந்தும் பெட்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் விழும். மேசை மேல் உப்புத்தாளை விரித்துச் செய்தால் அந்த உயரம் மளமளவென்று இறங்கும். பள்ளியில் இந்தச் சோதனையைச் செய்ய ஒரு பாடவேளைகூட வேண்டாம். ஆனாலும் நம் மாணவர்கள் இதை “சமதளத்தில் உள்ள ஒரு கனசதுரத்தின் மேல்விளிம்பில்...” என்று தொடங்கும் தேர்வுக் கேள்வியாகத்தான் முதலில் சந்திக்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் இதே வகுத்தல்தான்: கனசதுரத்தின் மேல்விளிம்பில் தள்ளும்போது குணகம் அரைக்கு மேல் இருந்தால் சாயும், குறைந்தால் நகரும்.

சாய்வதை எதிரியாகவே பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. நகர்த்த முடியாத அளவு கனமான பீரோவை இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, தரையில் ஊன்றி நிற்கும் காலை அச்சாக வைத்துத் திருப்பி, பிறகு மறுபக்கம் சாய்த்துத் திருப்பி, நடக்க வைத்தே கொண்டுபோவார்கள். இதில் முழு எடையோடும் மல்லுக்கட்டி உராய்வை வெல்ல வேண்டிய தேவையே இல்லை. பசிபிக் கடலில் உள்ள ராப்பா நூயி என்ற ஈஸ்டர் தீவின் பிரமாண்டமான கற்சிலைகள் தாமே நடந்து போயின என்று அந்தத் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர்கள் டெர்ரி ஹண்டும் கார்ல் லிப்போவும் பத்தடி உயரத்தில், நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலை ஒன்றைச் செய்து இதைச் சோதித்தார்கள். 18 பேர் மூன்று கயிறுகளைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, 40 நிமிடத்தில் 100 மீட்டர் தூரம் அதை நடக்க வைத்துவிட்டார்கள். நம் ஊர் மாடிவீடுகளில் பீரோவை நடத்திப் போகிறவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

எப்படியோ பீரோ வாசல் தாண்டி மினி லாரியில் ஏறிவிட்டது. இங்கே கணக்கு கொஞ்சம் மாறுகிறது. வண்டி பிரேக் போடும்போது யாரும் பீரோவின் முதுகில் கை வைத்துத் தள்ளுவதில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு பாகமும் முன்னால் போகப் பார்க்கிறது, அந்த விசையெல்லாம் சேர்ந்து ஈர்ப்பு மையத்தில், 99 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கை தள்ளுவதுபோலச் செயல்படும். அந்தக் கையை இறக்கி வைக்கச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டடிக் கோட்டுக்கு அது வெகு மேலே இருக்கிறது. ஆகவே முன்பக்கம் வண்டி போகும் திசையைப் பார்த்தபடி, கட்டாமல் நிற்க வைத்த பீரோ கவிழத்தான் செய்யும். வீட்டுக்குள் கணக்கிலேயே வராத உயரம், லாரியில் தீர்ப்பு எழுதுகிறது.

எவ்வளவு பிரேக் போட்டால் கவிழும் என்பதையும் சொல்லிவிடலாம். 24-ஐ 99-ஆல் வகுத்தால் 0.24. வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 2.4 மீட்டர் வீதம் குறைந்தால் பின்கால்கள் எழும்பத் தொடங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நாலரை நொடியில், சுமார் 25 மீட்டருக்குள் நின்றால் இந்த அளவு வந்துவிடும். குறுக்கே ஒரு மாடு வந்தால் எந்த டிரைவரும் அதைவிட வேகமாகத்தான் நிறுத்துவார்.

பீரோவைத் திருப்பி, அகலவாட்டம் வண்டி போகும் திசையில் இருக்கும்படி வைத்தால் இந்த எண் 0.46 ஆகும். அது 0.4 என்ற உராய்வைத் தாண்டிவிட்டதால் இப்போது பீரோ சாய்வதற்கு முன் வழுக்கும். வழுக்கி முன்னாலுள்ள கிரைண்டரில் முட்டினால் நிலைப்படிக் கதை திரும்பவும் நடக்கும். அதனால்தான் இடம் இருந்தால் லோடுமேன்கள் பீரோவை நிற்கவே விடுவதில்லை. மெத்தையை விரித்து, அதன் மேல் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள். இப்போது அடிப்பாகம் 198 சென்டிமீட்டர் நீளம், ஈர்ப்பு மையம் வெறும் 24 சென்டிமீட்டர் உயரத்தில். 99-ஐ 24-ஆல் வகுத்தால் நாலுக்கு மேல் வருகிறது. எந்த பிரேக்காலும் அதைக் கவிழ்க்க முடியாது, வழுக்காமல் இருக்க ஒரு கயிறு மட்டும் கட்டினால் போதும்.